தள்ளுபடியா, காம்போவா: எந்தக் கணக்கை நம்புவது?

யூடெமி தளத்துக்குள் ஒருமுறையாவது நுழைந்தவர்களுக்கு அந்த விலைப்பட்டை நன்றாகத் தெரியும். பெரிய தொகை ஒன்றின் மேல் கோடு கிழித்திருப்பார்கள். பக்கத்தில் அதைவிடப் பல மடங்கு குறைவான இன்னொரு தொகை இருக்கும். சலுகை இன்றோ நாளையோ முடியும் என்ற அறிவிப்பும் இருக்கும். முடிந்த கொஞ்ச நாளில் அடுத்த சலுகை வந்துவிடும். 2016இல் அந்த நிறுவனமே இந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போடப் பார்த்தது. கோர்ஸ்களின் விலை 20 டாலருக்கும் 50 டாலருக்கும் இடையில்தான் இருக்க வேண்டும், பாதிக்கு மேல் தள்ளுபடி கூடாது என்று விதி கொண்டுவந்தது. சில மாதங்களிலேயே அந்த வரம்பைத் தளர்த்த வேண்டியதாயிற்று.

தள்ளுபடிக்குப் பழகிய வாடிக்கையாளரைத் திருப்புவது எவ்வளவு கடினம் என்பதை அமெரிக்காவின் ஜே.சி.பென்னி துணிக்கடைகள் இன்னும் பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டன. 2012இல் புதிதாக வந்த தலைமை நிர்வாகி ரான் ஜான்சன், கூப்பன்களையும் ஓயாத தள்ளுபடிகளையும் நிறுத்திவிட்டு, என்றும் ஒரே நியாய விலை என்ற முறைக்கு மாறினார். அந்த நிதியாண்டில் விற்பனை ஏறத்தாழ கால்வாசி சரிந்தது. அடுத்த ஆண்டே அவர் பதவி இழந்தார்.

எக்ஸெல், டேலி, ஸ்போக்கன் இங்கிலீஷ், ஆரி எம்ப்ராய்டரி என்று தமிழில் கோர்ஸ் நடத்துபவர்கள் இந்தப் பெரிய நிறுவனங்களைப் போல அடி வாங்கினால் எழுந்திருக்க முடியாது. ஆனால் அவர்கள் முன்னும் அதே கேள்விதான் நிற்கிறது. விலையைக் குறைத்து விற்பதா, இரண்டு கோர்ஸைச் சேர்த்து காம்போவாகக் கொடுப்பதா? பலரும் இரண்டையும் செய்து பார்க்கிறார்கள். தீபாவளிக்குத் தள்ளுபடி, புத்தாண்டுக்கு காம்போ என்று வைத்து, எதில் அதிகம் பேர் சேர்ந்தார்களோ அதுவே சிறந்தது என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த முடிவில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. தீபாவளிக் கூட்டமும் புத்தாண்டுக் கூட்டமும் ஒன்றல்ல என்பது முதலாவது. ஆள் கணக்கு பணக் கணக்கு ஆகாது என்பது இரண்டாவது.

இரண்டாவது பிழையிலிருந்து தொடங்குவது எளிது. 1,000 ரூபாய் எக்ஸெல் கோர்ஸ் ஒன்றை வழக்கமாக 60 பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவு 60,000 ரூபாய். 40 சதவீதத் தள்ளுபடியில் விலை 600 ஆகிறது. அதே 60,000 வருவதற்கே 100 பேர் வாங்க வேண்டும். 40 சதவீதம் குறைத்ததை ஈடுகட்ட 40 சதவீதம் கூடுதல் விற்பனை போதாது. 67 சதவீதம் வேண்டும். ஒவ்வொரு மாணவருக்கும் சந்தேகம் தீர்க்கும் வகுப்பு, பணம் வசூலிக்கும் தளத்தின் கட்டணம், அச்சிட்ட குறிப்பேடு என்று 200 ரூபாய் செலவாகிறதென்றால் நிலைமை இன்னும் இறுகும். முன்பு ஒருவரிடம் மிஞ்சியது 800, இப்போது 400. ஆட்கள் இரட்டிப்பானால்தான், அதாவது 120 பேர் வந்தால்தான், பழைய நிலைக்கே வந்து சேரலாம்.

தள்ளுபடி விலையில் வாங்கியவர்கள் எல்லோரும் தள்ளுபடியால் வந்தவர்கள் அல்லர் என்பதுதான் இதன் உள்விஷயம். அவர்களில் பெரும்பகுதியினர் முழு விலை கொடுத்தும் வாங்கியிருப்பார்கள். அவர்கள் ஒவ்வொருவரிடமும் விட்டுக்கொடுத்த 400 ரூபாயைப் புதிதாக வந்த சிலர் ஈடுகட்ட வேண்டும்.

காம்போ வேலை செய்யும் விதம் வேறு. அதை மிகத் தெளிவாக விளக்கியவர் சிகாகோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர். ஹாலிவுட் விநியோகஸ்தர்கள் நல்ல படத்தோடு சுமாரான படத்தையும் சேர்த்தே தருவோம் என்று கட்டாயப்படுத்தியது பற்றி 1962இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு அதைப் பற்றி எழுதிய குறிப்பில் ஸ்டிக்லர் ஒரு சிறு கணக்கு போட்டார். 'கான் வித் த விண்ட்' படத்துக்கு ஒரு தியேட்டர் 8,000 டாலர் தரத் தயார், இன்னொன்று 7,000. கூடவே வரும் சாதாரணப் படத்துக்கு முதல் தியேட்டர் 2,500 தரும், இரண்டாவது 3,000 தரும். தனித்தனியாக, இரண்டு தியேட்டருக்கும் ஒரே விலையில் விற்றால் 7,000மும் 2,500மும்தான் வைக்க முடியும்; மொத்தம் 19,000. இரண்டையும் சேர்த்து 10,000 என்று வைத்தால் இருவருமே வாங்குவார்கள், வரவு 20,000. யாருக்கும் அவர்கள் மதிப்பதைவிட அதிக விலை வைக்கவில்லை, ஆனாலும் வரவு கூடியது.

இது நடந்ததற்குக் காரணம் இருவரின் விருப்பமும் எதிரெதிராக இருந்ததுதான். ஒருவர் ஒரு படத்தை அதிகம் மதித்தார், மற்றவர் இன்னொன்றை. கோர்ஸிலும் இதுவே நிபந்தனை. கணக்கர் ஒருவருக்கு எக்ஸெல் பெரிது, பவர் பிஐ கொஞ்சம் பயன். வேலை தேடும் பட்டதாரிக்குப் பவர் பிஐ பெரிது, எக்ஸெல் கொஞ்சம் பயன். இப்படிப்பட்டவர்கள் கலந்து வரும் இடத்தில் காம்போ பலன் தரும். ஒன்றை விரும்பும் அதே ஆள்தான் இன்னொன்றையும் விரும்புவார் என்றால் காம்போவால் கிடைக்கும் கூடுதல் சுருங்கிவிடும். அவர் இரண்டையும் எப்படியும் வாங்கியிருப்பார். காம்போ அவருக்குக் கொடுத்த தள்ளுபடியாகவே முடியும். 1976இல் ஆடம்ஸ், யெல்லன் என்ற இரு பொருளியலாளர்கள் இதை இன்னும் விரிவாக ஆராய்ந்தார்கள். காம்போவையும் வைத்து, தனித்தனியாகவும் விற்பது பல சூழல்களில் இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதைவிட நல்லது என்று அவர்கள் காட்டினார்கள்.

எந்தச் சூழல் தன்னுடையது என்பதை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.

எக்ஸெல் கோர்ஸ் 1,000 ரூபாய், பவர் பிஐ கோர்ஸ் 1,500 ரூபாய். எக்ஸெல் கோர்ஸைத் தேடி வரும் 6,000 பேரை, குலுக்கல் முறையில், 2,000 பேர் கொண்ட மூன்று குழுக்களாகப் பிரிக்கிறார் ஆசிரியை ஒருவர். முதல் குழுவுக்கு வழக்கமான விலை. இரண்டாவது குழுவுக்கு எக்ஸெல் 600 ரூபாய். மூன்றாவது குழுவுக்கு எக்ஸெல் தனியாக 1,000, இரண்டும் சேர்த்து 1,600. மூன்றும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிகின்றன. அதனால் சம்பள நாள், பள்ளி விடுமுறை, கிரிக்கெட் இறுதிப்போட்டி எதுவானாலும் மூன்று குழுவையும் ஒரே மாதிரிதான் பாதிக்கும். வழக்கமான விலைக்கு ஒரு குழுவை ஒதுக்கியதுதான் இங்கே மிக முக்கியமான ஏற்பாடு. அது இல்லாவிட்டால் சலுகையே இல்லாமல் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல ஆதாரமே இருக்காது.

விற்பனை முடிந்த அன்று ஆள் கணக்கு வருகிறது. வழக்கமான விலையில் 60 பேர், தள்ளுபடியில் 90 பேர், காம்போ குழுவில் 58 பேர். இங்கேயே நிறுத்தினால் தள்ளுபடிக்கு மாலை போட்டுவிடலாம்.

பணத்தை எண்ணினால் படம் மாறுகிறது. வழக்கமான விலையில் 60,000. தள்ளுபடியில் 54,000. காம்போ குழுவில் 30 பேர் எக்ஸெலை மட்டும் வாங்கியிருக்கிறார்கள், 28 பேர் இரண்டையும் சேர்த்து; மொத்தம் 74,800. ஆள் கணக்கில் கடைசியில் இருந்தது இப்போது முதலிடம்.

ஆனால் இதுவும் முழுக்கணக்கு அல்ல. எக்ஸெல் படித்தவர்களில் சிலர் பின்னால் பவர் பிஐயை முழு விலைக்கு வாங்குவது வழக்கம். காம்போ அந்தப் பிந்தைய விற்பனையை முன்னால் இழுத்து, குறைந்த விலையில் முடித்துவிடுகிறது. அதனால் ஆசிரியை 60 நாள் காத்திருக்கிறார். வழக்கமான விலைக் குழுவில் 12 பேர் பவர் பிஐ வாங்குகிறார்கள், 18,000 கூடுகிறது. தள்ளுபடிக் குழுவில் 10 பேர், 15,000. காம்போ குழுவில் ஏற்கெனவே பலரிடம் இருப்பதால் 3 பேர் மட்டும், 4,500. இப்போது வழக்கமான விலை 78,000, தள்ளுபடி 69,000, காம்போ 79,300.

பணத்தைத் திருப்பிக் கேட்டவர்களையும் கழிக்க வேண்டும். வழக்கமான விலையில் 2 பேர் எக்ஸெலுக்குக் கொடுத்த 1,000த்தைத் திருப்பி வாங்குகிறார்கள், தள்ளுபடியில் 4 பேர், காம்போவில் 3 பேர். காம்போவில் ஒருவர் விலகினால் 1,600 போய்விடும். கடைசிக் கணக்கு: வழக்கமான விலை 76,000, தள்ளுபடி 66,600, காம்போ 74,500. எந்தச் சலுகையும் இல்லாத குழு முதலில் நிற்கிறது.

ஒரே சோதனை, மூன்று அளவுகோல், மூன்று வெற்றியாளர்கள். எந்த அளவுகோல் வேண்டும் என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் வலியுறுத்துவது இதனால்தான். முடிவைப் பார்த்த பிறகு அளவுகோலைத் தேர்ந்தெடுத்தால், மனம் ஏற்கெனவே விரும்பியதற்கு ஏற்ற ஒன்று எப்போதும் கைக்குக் கிடைக்கும். கோர்ஸ் விற்பனைக்குப் பொருத்தமான அளவுகோல், பக்கத்துக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சராசரியாக வந்த நிகர வரவு. வாங்காமல் போனவர்களையும் சேர்த்தே வகுக்க வேண்டும். இந்தக் கணக்கில் வழக்கமான விலையில் ஒருவருக்கு 38 ரூபாய், காம்போவில் 37 ரூபாய் 25 காசு, தள்ளுபடியில் 33 ரூபாய் 30 காசு.

அப்படியானால் வழக்கமான விலை வென்றுவிட்டதா? இல்லை, நியாயமாகப் படித்தால் அப்படிச் சொல்ல முடியாது. ஒரே விலையை இரண்டு குழுக்களுக்குக் காட்டினாலும் வரவு ஒன்றாக இருக்காது. 60 பேர் வாங்கும் குழுவில், எதையும் மாற்றாமலே, இன்னொரு முறை 50 பேரோ 70 பேரோ வாங்கலாம். இது வெறும் தற்செயல். இந்த எண்களை வைத்து வரவில் எவ்வளவு ஆட்டம் இருக்கும் என்று கணக்கிட்டால், இரண்டு குழுக்களுக்கு இடையே 15,000 ரூபாய் அளவுக்கு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடும் என்று தெரிகிறது. அதற்கு முன் வழக்கமான விலைக்கும் காம்போவுக்கும் உள்ள 1,500 ரூபாய் ஒன்றுமே இல்லை. தள்ளுபடியோடு உள்ள 9,400 ரூபாய் வித்தியாசத்தைக்கூட உறுதியானது என்று சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: 60க்குப் பதில் 90 பேர் வாங்கியதால், தள்ளுபடி உண்மையிலேயே அதிகம் பேரைச் சேர்த்தது. அது அதிகப் பணத்தைக் கொண்டுவந்தது என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

இந்த ஆட்டத்தைக் குறைக்க ஒரே வழி ஆட்களைக் கூட்டுவது. நூற்றுக்கு 3 பேர் வாங்கும் பக்கத்தில் அது 4 ஆகக் கூடியதை நம்பிக்கையோடு கண்டுபிடிக்க ஒவ்வொரு குழுவிலும் சுமார் 5,000 பேர் வேண்டும். தினமும் 200 பேர் வரும் சிறிய தளத்துக்கு, இரண்டு குழுக்களுக்கே 50 நாள் ஆகும். மூன்று குழுக்களுக்கு 75 நாள். வரவில் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க இன்னும் அதிகம் பேர் தேவைப்படும். அதனால் சிறிய ஆசிரியர்கள் 10 சதவீதத் தள்ளுபடிக்கும் 15 சதவீதத் தள்ளுபடிக்கும் இடையே சோதனை வைப்பது வீண்வேலை. பெரிய வித்தியாசம் வரக்கூடிய இரண்டை மட்டும் மோதவிட வேண்டும்.

பொறுமை இழப்பதுதான் அடுத்த ஆபத்து. தினமும் காலையில் கணக்கைத் திறந்து பார்த்து, ஒரு பக்கம் நன்றாக முந்தியதும் சோதனையை நிறுத்திவிடுவது பலரின் வழக்கம். உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத இரண்டு குழுக்களை ஒரே ஒருமுறை, கடைசியில், ஒப்பிட்டால் தவறாக வித்தியாசம் இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு 5 சதவீதம் என்பது வழக்கமான அளவு. இடையில் ஐந்து முறை பார்த்து, எந்த முறை முந்தினாலும் நிறுத்திவிடுவதாக இருந்தால் அந்த வாய்ப்பு 14 சதவீதமாகிறது; பத்து முறை பார்த்தால் 19 சதவீதம். மருத்துவச் சோதனைகளுக்காக ஆர்மிட்டேஜும் அவருடைய சகாக்களும் 1969இல் போட்ட கணக்கு இது. இணையத்தில் விற்பவர்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. முடிவு நாளை முன்கூட்டியே குறித்து, இடையில் தளம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

அப்படிப் பார்க்க ஒரு நல்ல அறிகுறி உண்டு. சரிபாதியாகப் பிரித்தும் ஒரு குழுவில் 2,000 பேரும் இன்னொன்றில் 1,780 பேரும் இருந்தால், அது தற்செயலாக நேர வாய்ப்பு மிகக் குறைவு. ஏதோ பழுது இருக்கிறது. காம்போ பக்கம் சில பழைய போன்களில் திறக்காமல் இருக்கலாம். கட்டணப் பக்கத்திலிருந்து திரும்பி வருபவர்கள் வேறு குழுவில் விழலாம். அப்படியானால் வரவுக் கணக்கைப் பார்க்கவே கூடாது. பழுதைச் சரிசெய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாங்குபவர் பக்கத்து நியாயமும் இருக்கிறது. 2000 செப்டம்பரில் அமேசான் நிறுவனம் டிவிடிகளுக்கு ஆளுக்கொரு விலையாகக் காட்டிச் சோதித்தது. வாடிக்கையாளர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியபோது விஷயம் வெளியே வந்து கடும் கோபம் கிளம்பியது. ஜெஃப் பெசோஸ் அது தவறு என்று ஒப்புக்கொண்டார். அதிக விலை கொடுத்த 6,896 பேருக்கு, சராசரியாக ஆளுக்கு 3 டாலர் 10 செண்ட், நிறுவனம் திருப்பிக் கொடுத்தது. அமேசானைவிட ஒரு தமிழ் ஆசிரியைக்கு இந்த ஆபத்து அதிகம். அவருடைய மாணவர்கள் எல்லோரும் ஒரே வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். ஒருவர் 600 ரூபாய் ரசீதைப் பகிர்ந்தால் 1,000 கொடுத்தவர் அன்றே கேள்வி கேட்பார். விலை வெளியே கசிந்துவிட்டால் சோதனையும் கெட்டுப்போகும், ஏனென்றால் முதல் குழுவினரும் 600க்குக் காத்திருப்பார்கள்.

இதற்குக் கௌரவமான வழிகள் இருக்கின்றன. பொதுப் பக்கத்தில் ஒரே விலையை வைத்துவிட்டு, ஏற்கெனவே பதிவு செய்தவர்களின் பட்டியலைக் குலுக்கிப் பிரித்து, ஒரு பாதிக்குத் தள்ளுபடிக் கூப்பனையும் மறு பாதிக்குக் காம்போ சலுகையையும் மின்னஞ்சலில் அனுப்பலாம். ஒரு சிறு பகுதிக்கு எதுவும் அனுப்பாமல் ஒப்பீட்டுக்கு வைக்கலாம். ஒரு நபர் போனில் பார்த்தாலும் கணினியில் பார்த்தாலும் ஒரே சலுகை வர, பிரிப்பை அவருடைய மின்னஞ்சல் முகவரியோடு கட்டிவைக்க வேண்டும். சோதனை முடிந்ததும், அதே கோர்ஸுக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கு வித்தியாசத்தைத் திருப்பித் தந்துவிடலாம். மேலே உள்ள கணக்கில் முதல் குழுவில் பணம் திரும்பப் பெற்ற 2 பேர் போக 58 பேருக்குத் தலா 400, காம்போ குழுவில் எக்ஸெலை மட்டும் வாங்கிய 30 பேருக்கும் அதே 400. மொத்தம் 35,200 ரூபாய். சோதனையின் செலவாக அதை முதலிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும்.

கோடு கிழித்த விலையும் உண்மையாக இருக்க வேண்டும். எப்போதும் 600க்கே விற்கும் கோர்ஸுக்கு 3,000 என்று எழுதி அடித்துக் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவது. சோதனையையும் அது அர்த்தமற்றதாக்கும், வழக்கமான விலை என்று ஒன்று இல்லாததால். போலி அவசரம் காட்டி வாங்கவைப்பதை இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் தடுக்கின்றன. இன்றிரவு முடிகிறது என்று எழுதினால் இன்றிரவு முடித்தாக வேண்டும்.

ஆசிரியை இந்த முடிவை வைத்து என்ன செய்யலாம்? அவருடைய நோக்கம் அதிகம் பேருக்கு எக்ஸெல் போய்ச் சேர வேண்டும் என்பதானால், தள்ளுபடி அதைச் செய்தது. வரவில் ஏற்படக்கூடிய குறைவைத் தெரிந்தே ஏற்கலாம். நோக்கம் வருமானம் என்றால் 40 சதவீதத் தள்ளுபடியைத் தொடர இந்தச் சோதனை எந்தக் காரணமும் தரவில்லை. காம்போவை உடனே தூக்கி எறியவும் தேவையில்லை. அதை வாங்கிய 28 பேரில் எத்தனை பேர் பவர் பிஐ பாடத்தைத் திறந்தே பார்த்தார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். திறக்காதவர்கள் அதிகம் என்றால் ஜோடி தவறு. எக்ஸெலோடு டேலியைச் சேர்த்து மறுபடி சோதிக்கலாம்.

அடுத்த சலுகையை அறிவிக்கும் முன் ஒரு தாளில் நான்கே விஷயங்களை எழுதித் தேதி போட்டு வைத்துவிடுங்கள்: எதை எண்ணப் போகிறீர்கள், ஒரு குழுவுக்கு எத்தனை பேர், எந்த நாளில் முடிப்பீர்கள், எத்தனை நாள் பின்தொடர்வீர்கள். கணக்கு வந்த பிறகு அந்தத் தாளில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள்.